ஒப்புதல் வேறு, லேபிள் வேறு: முகமாற்று வீடியோவும் நம் சட்டமும்

2011 சட்டமன்றத் தேர்தலில் விஜயகாந்த் வென்ற ரிஷிவந்தியம் தொகுதி அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. எதிர்க்கட்சித் தலைவராக அவர் சட்டமன்றத்தில் அமர்ந்தது இந்தத் தொகுதியின் உறுப்பினராகத்தான். 2023 டிசம்பர் 28இல் அவர் காலமானார். அடுத்த ஜூலையிலேயே அவருடைய மனைவியும் தேமுதிக பொதுச்செயலாளருமான பிரேமலதா ஓர் அறிக்கை விட வேண்டியதாயிற்று. செயற்கை நுண்ணறிவால் விஜயகாந்தைத் திரையில் கொண்டுவரப் போவதாகப் படக்குழுவினர் சிலர் அறிவித்துவந்தார்கள். முன் அனுமதி பெறாமல் யாரும் அப்படிச் செய்யக் கூடாது என்றது அறிக்கை. செப்டம்பர் 5இல் வெளியான வெங்கட் பிரபுவின் ‘தி கோட்’ படத்தில் விஜயகாந்த் தோன்றினார். அது குடும்பத்தின் சம்மதத்தோடு நடந்தது.

அந்த அறிக்கைக்குப் பின்னால் நியாயம் இருக்கிறது. சட்டம் இருக்கிறதா? இறந்துபோன ஒருவரின் முகத்துக்கு யார் அனுமதி தர முடியும்? உயிரோடு இருக்கும் ஒருவரின் முகத்தை அவரைக் கேட்காமல் வேறோர் உடலில் ஒட்டினால் அது எந்தப் பிரிவின்கீழ் குற்றம்? ‘இது செயற்கையாக உருவாக்கப்பட்டது’ என்று ஓரத்தில் எழுதிவிட்டால் தவறு நீங்கிவிடுமா? டீப்ஃபேக் பற்றிய பேச்சில் இந்தக் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. பிரித்துப் பார்த்தால்தான் சட்டம் எங்கே நிற்கிறது, எங்கே ஓட்டை விழுந்திருக்கிறது என்பது புரியும்.

முகம் எப்படி மாறுகிறது

முதலில் செய்முறையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். முகமாற்று மென்பொருள் வீடியோவை ஒவ்வொரு பிரேமாகப் பிரிக்கிறது. ஒவ்வொன்றிலும் முகம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, கண், மூக்கு, வாய், தாடை ஆகியவற்றின் இடங்களைப் புள்ளிகளாகக் குறித்துக்கொள்கிறது. அந்தப் புள்ளிகளை வைத்து முகத்தை நேராக்குகிறது. பிறகு முகத்தின் இரண்டு தன்மைகளைத் தனித்தனியாகப் பிரிக்கிறது: ‘இது யார்’ என்பது ஒன்று, ‘இந்த நொடியில் முகம் என்ன செய்கிறது’ என்பது மற்றொன்று. முதலாவதை மாற்றிவிட்டு இரண்டாவதை அப்படியே வைத்துக்கொள்கிறது. கடைசியாகப் புதிய முகத்தைப் பழைய உடலில் ஒட்டி, ஓரங்களை மழுப்பி, தோலின் நிறத்தைச் சூழலின் வெளிச்சத்தோடு பொருத்துகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் இதற்கு ஒருவரின் முகப்படங்கள் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்டன. அதனால் அன்று ஆபத்து நடிகைகளுக்கும் தலைவர்களுக்கும்தான். இன்று தெளிவான ஒரே ஒரு புகைப்படம் போதும். இந்த ஒரு மாற்றம்தான் பிரச்சினையைச் சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் கொண்டுவந்தது. வாட்ஸ்அப் முகப்புப் படம் வைத்திருக்கும் யாருடைய முகமும் இப்போது மூலப்பொருள்தான்.

முகமாற்றம் தோற்கும் இடங்களும் இந்தச் செய்முறைக்குள்ளேயே இருக்கின்றன. முகம் முழுக்கப் பக்கவாட்டில் திரும்பும்போது குறிப்புப் புள்ளிகள் பாதி மறைந்துவிடும். கை முகத்துக்குக் குறுக்கே போகும்போது எது கை, எது முகம் என்ற கணக்கு தவறும். பேசும்போது பற்களின் வரிசை பிரேமுக்குப் பிரேம் மாறும். புதியவர் ஒருவர் சட்டகத்துக்குள் நுழையும் முதல் சில பிரேம்களில் மென்பொருள் முகத்தைப் பிடித்துக்கொள்ளச் சற்றுத் தாமதிக்கும்.

ஒரு லிஃப்ட் காட்சி, இரண்டு பெண்கள்

அந்தத் தாமதம்தான் 2023 நவம்பரில் ஒரு வீடியோவைக் காட்டிக்கொடுத்தது. உடற்பயிற்சி உடையில் ஒரு பெண் லிஃப்டுக்குள் நுழைகிறார். முகம் நடிகை ராஷ்மிகா மந்தனாவுடையது. முதல் நொடியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால், லிஃப்டுக்குள் வரும் கணத்தில் முகம் வேறொருவருடையது. அடுத்த கணம் ராஷ்மிகாவாக மாறுகிறது. செய்திகளின் உண்மையைச் சரிபார்ப்பவர்கள் மூலத்தைத் தேடிப் பிடித்தார்கள். பிரிட்டனில் வாழும் இந்திய வம்சாவளிப் பெண் ஜாரா படேல் 2023 அக்டோபரில் இன்ஸ்டாகிராமில் தானே போட்டிருந்த வீடியோ அது.

டெல்லி காவல்துறை வழக்குப் பதிந்து 2024 ஜனவரியில் ஆந்திராவின் குண்டூரைச் சேர்ந்த ஓர் இளைஞரைக் கைதுசெய்தது. நடிகையின் ரசிகர் பக்கம் ஒன்றை நடத்திவந்த அவர், பின்தொடர்பவர்களைக் கூட்டுவதற்காகவே இதைச் செய்தார் என்றது காவல்துறை.

பேச்செல்லாம் ராஷ்மிகாவைப் பற்றியே இருந்தது. ஆனால் அந்த வீடியோவில் பாதிக்கப்பட்டவர்கள் இரண்டு பேர். ஒருவரின் முகம் திருடப்பட்டது. இன்னொருவரின் உடல் அவருடைய முகம் நீக்கப்பட்டு வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டது. தனக்கு இதில் தொடர்பில்லை என்றும், மனம் கலங்கியிருப்பதாகவும் ஜாரா படேல் சொல்ல வேண்டியிருந்தது. பார்ப்பவரையும் சேர்த்தால் மூன்றாவது தரப்பும் உண்டு. அவருக்குப் பொய் உண்மையென்று காட்டப்பட்டது. எந்த முகமாற்று வீடியோவிலும் முகத்துக்குரியவர், உடலுக்குரியவர், பார்ப்பவர் என்ற மூவர் இருக்கிறார்கள். முதல் இருவருக்கும் வேண்டியது ஒப்புதல். மூன்றாமவருக்கு வேண்டியது லேபிள். ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை ஈடுகட்ட முடியாது.

இறந்தவரின் சம்மதம்

இதற்குத் தமிழ்நாட்டு அரசியலிலேயே தெளிவான உதாரணம் இருக்கிறது. 2024 ஜனவரி 23இல் டி.ஆர். பாலுவின் தன்வரலாற்று நூல் வெளியீட்டு விழாவில் பெரிய திரையில் மு. கருணாநிதி தோன்றிப் பேசினார். அவர் மறைந்தது 2018 ஆகஸ்ட் 7. வெள்ளைச் சட்டை, மஞ்சள் துண்டு, கருப்புக் கண்ணாடியோடு வந்து நூலாசிரியரை வாழ்த்தினார்; மகன் மு.க. ஸ்டாலினின் தலைமையையும் பாராட்டினார். வீடியோவை உருவாக்கியவர் சென்னை மியூவோனியம் நிறுவனத்தின் செந்தில் நாயகம். பொதுவெளியில் கிடைக்கும் பதிவுகளைக் கொண்டு 1990களின் கருணாநிதியையும் அவரது குரலையும் அவர் மீட்டுருவாக்கினார். உரையைக் கட்சிக்காரர்களே எழுதிக் கொடுத்தார்கள் என்று செய்திகள் கூறின.

தொழில்நுட்ப ரீதியாகக் கருணாநிதி வசதியான முகம் என்றே சொல்ல வேண்டும். பார்வை எங்கே போகிறது, இமை எப்போது மூடுகிறது என்பது செயற்கை முகங்களில் நம் மனம் முதலில் சந்தேகப்படும் இடம். அந்த இடத்தைக் கருப்புக் கண்ணாடி மூடிவிடுகிறது. குரல் பதிவுகளுக்கும் பஞ்சமில்லை.

இங்கே பார்வையாளர் ஏமாற்றப்படவில்லை. அரங்கில் இருந்த அத்தனை பேருக்கும் கலைஞர் இல்லை என்பது தெரியும். ஆக, லேபிள் இல்லாமலே லேபிளின் வேலை நடந்துவிட்டது. கட்சியும் சம்மதித்தது. ஆனால் பேசியவராகக் காட்டப்பட்டவரின் சம்மதம்? வாழ்நாள் முழுக்கத் தன் வசனத்தைத் தானே எழுதிய ஒருவரின் வாயில், அவர் மறைந்த பின் நிகழ்ந்தவை பற்றிய கருத்தை வேறு யாரோ எழுதி வைத்தார்கள். ஒரு மாதம் கழித்து, 2024 பிப்ரவரி 24இல், ஜெயலலிதாவின் பிறந்தநாளன்று அதிமுக அவரது குரலில் ஒரு பதிவை வெளியிட்டது. இரு கட்சிக்கும் தலைவரின் குரல் பொதுச்சொத்தாகவே தெரிந்தது.

சட்டம் இந்த விஷயத்தில் அவர்களுக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது. ஜெயலலிதாவின் வாழ்க்கையைத் தழுவிய ‘தலைவி’ படத்துக்கு எதிராக அவருடைய அண்ணன் மகள் தீபா தொடுத்த வழக்கில், 2021 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு ஒரு நிலைப்பாட்டை எடுத்தது. ஒருவர் தன் வாழ்நாளில் ஈட்டிய அந்தரங்க உரிமையும் நற்பெயரும் அவரோடு முடிந்துவிடுகின்றன. வீடு, நிலம்போல வாரிசுக்கு இறங்குவதில்லை என்றது அது. இதன்படி பார்த்தால் பிரேமலதாவின் ‘முன் அனுமதி’ கோரிக்கை திரையுலகம் மதித்த ஒரு மரியாதை. நீதிமன்றத்தில் எளிதில் நிலைநாட்டக்கூடிய உரிமை அல்ல. அவதூறுச் சட்டம் இறந்தவருக்கும் பொருந்தும், ஆனால் அவர் உயிரோடிருந்தால் அவர் பெயருக்குக் கெடுதல் செய்திருக்கும், குடும்பத்தாரைப் புண்படுத்தும் நோக்கமும் இருக்கிறது என்ற நிலையில் மட்டும். இறந்தவரைக்கொண்டு பிறரைப் பாராட்ட வைப்பது அதற்குள் வராது.

இந்த வெற்றிடத்தில் ஓரளவு நல்ல வழக்கத்தைத் திரையிசை உருவாக்கியது. 2024இல் வந்த ‘லால் சலாம்’ படத்தில் மறைந்த பாடகர்கள் ஷாகுல் ஹமீது, பம்பா பாக்யா இருவரின் குரலையும் ஏ.ஆர். ரஹ்மான் செயற்கை நுண்ணறிவால் பயன்படுத்தியபோது, குடும்பங்களிடம் அனுமதி பெற்று ஊதியமும் கொடுத்ததாகத் தானே அறிவித்தார். ஒப்புதலும் அறிவிப்பும் சேர்ந்தே நடந்த உதாரணம் அது. ஆனால் சட்டம் கட்டாயப்படுத்தி நடந்ததல்ல.

உயிரோடு இருப்பவருக்கு என்ன காப்பு?

உயிரோடு இருப்பவரின் நிலை இதைவிட மேல். அதற்கான அடித்தளம் தமிழ்நாட்டு வழக்குகளிலிருந்தே வந்தது என்பது பலருக்கும் நினைவில் இருக்காது. ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை ‘நக்கீரன்’ வெளியிடுவது தொடர்பாக எழுந்த ராஜகோபால் வழக்கில், ஒருவரின் பெயரையோ உருவத்தையோ அவர் சம்மதமின்றி விளம்பரத்துக்கோ வேறு நோக்கத்துக்கோ பயன்படுத்துவது அந்தரங்க மீறலாகும் என்ற கோட்பாட்டை 1994இல் உச்ச நீதிமன்றம் எடுத்துரைத்தது. 2015இல் ‘மைன் ஹூன் ரஜினிகாந்த்’ என்ற இந்திப் படத்துக்கு எதிராக ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னொரு படி போனது. பிரபலமானவரை மக்கள் அடையாளம் கண்டுகொண்டாலே போதும். குழப்பமோ ஏமாற்றமோ நடந்ததாக நிரூபிக்கத் தேவையில்லை என்றது.

ஆனால் ரஜினிகாந்துக்குக் கிடைத்த காப்பு அவருடைய முகத்துக்கு இருக்கும் வணிக மதிப்பிலிருந்து பிறந்தது. திண்டிவனத்தில் ஒரு கல்லூரி மாணவி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய ஃபேஸ்புக் படத்தை எடுத்து யாரோ ஓர் ஆபாச வீடியோவில் ஒட்டிவிட்டார்கள். அவருக்கு முன்னால் உள்ள பிரிவுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஈ பிரிவு ஒருவருடைய அந்தரங்க உறுப்புகளின் படத்தை அவர் சம்மதமின்றி எடுப்பதையும் பரப்புவதையும் தண்டிக்கிறது. முகமாற்று வீடியோவில் முகம் மாணவியுடையது, உடல் வேறொருவருடையது. ‘இது இவருடைய உடல் அல்லவே’ என்று எதிர்த்தரப்பு வாதாட வழி இருக்கிறது. 67, 67ஏ பிரிவுகள் ஆபாசத்தை மின்னணு வழியில் பரப்புவதைத் தண்டிக்கின்றன. அங்கே குற்றம் ஆபாசம்தான், சம்மதமின்மை அல்ல. ஆபாசமில்லாத, ஆனால் அவமானப்படுத்தும் வீடியோவை இவை தொடவே மாட்டா. பிறருடைய ‘தனித்துவமான அடையாளக் கூறை’ மோசடியாகப் பயன்படுத்துவதைத் தண்டிக்கும் 66சி பிரிவில் முகமும் அடங்கும் என்று வாதிட இடமுண்டு. அந்தச் சொற்கள் எழுதப்பட்டபோது மனதில் இருந்தவை கடவுச்சொல்லும் மின்கையொப்பமும். நற்பெயரைக் கெடுக்கும் நோக்கில் போலி மின்னணுப் பதிவு உருவாக்குவதற்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 336ஆம் பிரிவில் மூன்றாண்டு வரை சிறை உண்டு. நடைமுறையில் இதுவே ஓரளவு நேராகப் பொருந்துகிறது.

2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கைகொடுக்கும் என்று தோன்றலாம். ஆனால் ஒருவர் தானே பொதுவெளியில் போட்ட தரவுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று அதன் மூன்றாம் பிரிவே விலக்கு அளிக்கிறது. பொதுவாகத் திறந்துவைத்த ஃபேஸ்புக் படம் அந்த விலக்குக்குள் விழுந்துவிடும். ‘என் முகத்தை என்னைக் கேட்காமல் எடுத்தான்’ என்ற எளிய குற்றச்சாட்டைச் சொல்ல நேரான ஒரு பிரிவு இல்லை. சுற்றி வளைத்துத்தான் போக வேண்டும்.

வீடியோவை இறக்குவது

தண்டனை பிறகு வரும். மாணவிக்கு முதல் தேவை வீடியோ இறங்குவது. இந்த விஷயத்தில் வழி சற்றுத் தெளிவு. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளே ஆபாசப் படங்களையும், ‘செயற்கையாக மார்ஃபிங் செய்யப்பட்ட’ ஆள்மாறாட்டப் படங்களையும் புகார் வந்த 24 மணி நேரத்தில் நீக்கச் சொல்லியிருந்தன. 2026 பிப்ரவரி 20 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அதை இரண்டு மணி நேரமாகக் குறைத்தது. பாதிக்கப்பட்டவரே புகார் தர வேண்டும் என்பதில்லை; அவர் சார்பில் இன்னொருவரும் தரலாம்.

2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஒரு பெண் வழக்கறிஞரின் மனு இதில் ஒரு திருப்புமுனை. அது டீப்ஃபேக் அல்ல, சம்மதமின்றிப் பரப்பப்பட்ட உண்மைக் காட்சிகள். 48 மணி நேரத்தில் அவற்றை நீக்க நடவடிக்கை எடுக்கும்படி நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் மத்திய அரசுக்கு உத்தரவிட்டார். முதல் தகவல் அறிக்கையில் பெண்ணின் பெயரை எழுதியதற்காகவும், ஆண் காவலர்கள் முன்னிலையில் அந்தக் காட்சிகளை அடையாளம் காட்டச் செய்ததற்காகவும் காவல்துறையைக் கண்டித்தார். நீக்கப்பட்ட காட்சிகள் வேறு தளங்களில் மறுபடி மறுபடி முளைத்தன. அந்த வழக்கின் விளைவாக அதே ஆண்டு நவம்பரில் மத்திய அரசு பாதிக்கப்பட்டவர்களுக்கான நடைமுறை வழிகாட்டியை வெளியிட்டது.

திண்டிவனத்து மாணவி நடைமுறையில் செய்யக்கூடியது இதுதான். பதற்றத்தில் வந்த செய்தியை அழித்துவிடக் கூடாது. வீடியோவின் முழு இணைப்பு, பதிவிட்ட கணக்கின் பெயர், தேதி, நேரம் தெரியும்படி திரையைப் பதிவுசெய்ய வேண்டும். cybercrime.gov.in தளத்திலோ விழுப்புரம் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலோ புகார் தரலாம். மின்னணுச் சான்றை நீதிமன்றம் ஏற்க வேண்டுமானால் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் தேவை. அதில் கோப்பின் ஹாஷ் எண்ணும் இடம்பெறும். ஹாஷ் என்பது கோப்பிலிருந்து கணக்கிடப்படும் அடையாள எண். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் எண் மாறிவிடும் என்பதால், கைப்பற்றிய பிறகு யாரும் திருத்தவில்லை என்று அது காட்டும். 18 வயது நிரம்பியவர்கள் stopncii.org தளத்தையும் பயன்படுத்தலாம். படம் நம் கைபேசியை விட்டு வெளியே போவதில்லை. சிறு மாற்றங்களைத் தாங்கும் வேறு வகை ஹாஷ் மட்டும் பங்கேற்கும் நிறுவனங்களுக்குப் போகிறது, அதே படம் மறுபடி ஏறினால் தடுக்கப்படுகிறது. படத்தைப் பெரிதாக வெட்டி மாற்றியவர்கள் தப்பிவிடலாம் என்பது அதன் வரம்பு.

லேபிள் எங்கே உதிர்கிறது

இந்த மாணவிக்கு லேபிளால் எந்தப் பயனும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ‘செயற்கையாக உருவாக்கப்பட்டது’ என்று கொட்டை எழுத்தில் போட்டாலும் ஊரில் பேசப்படுவது அவர் முகம்தான். லேபிளின் பயன் தேர்தல் போன்ற இடங்களில், பார்ப்பவர் ஏமாறக் கூடாது என்ற தேவை இருக்கும்போது.

தேர்தல் ஆணையம் 2024 மே மாதம், விக்கிரவாண்டி இடைத்தேர்தலுக்கு இரண்டு மாதம் முன்பு, டீப்ஃபேக் பதிவுகள் கவனத்துக்கு வந்த மூன்று மணி நேரத்தில் கட்சிகள் அவற்றை நீக்க வேண்டும் என்றது. 2025 அக்டோபரில் அளவும் சொன்னது: காட்சியாக இருந்தால் திரைப் பரப்பில் குறைந்தது 10 சதவீதம், ஒலியாக இருந்தால் முதல் 10 சதவீத நேரம் லேபிளுக்கு. மத்திய அரசின் வரைவு விதிகளிலும் அதே 10 சதவீதம் இருந்தது. 2026 இறுதி விதிகளில் அந்த அளவு நீக்கப்பட்டு, எளிதில் கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்பதோடு நின்றது. கோப்புக்குள் பதியும் மறை அடையாளமும் தேவை என்கிறது விதி.

காகிதத்தில் இது சரி. ஒரு வீடியோவைப் பின்தொடர்ந்து பார்த்தால் சிக்கல் தெரியும். 1920க்கு 1080 புள்ளி அளவுள்ள கிடைமட்ட வீடியோவின் வலது மூலையில் லேபிள் இருக்கிறது என்று கொள்வோம். அதை ஒருவர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்காக நெடுக்கு வடிவத்தில் வெட்டுகிறார். உயரம் 1080 அப்படியே இருக்க, அகலம் சுமார் 607 ஆகிறது. மூலை லேபிள் காணாமல்போகிறது. அடிப்பகுதி முழுக்க 108 புள்ளி உயரப் பட்டையாகப் போட்டிருந்தால் அது இந்த வெட்டில் தப்பும். ஆனால் கெட்ட எண்ணம் உள்ளவர் அந்தப் பட்டையை மட்டும் நறுக்கி எறிந்தால் அவருக்குப் படத்தில் இழப்பு பத்தில் ஒரு பங்குதான். கோப்புக்குள் பதிந்த மறை அடையாளம், வாட்ஸ்அப் வீடியோவைச் சுருக்கும்போதோ ஒருவர் திரையைப் பதிவுசெய்யும்போதோ பெரும்பாலும் உதிர்ந்துவிடும். தனிக்குழுக்களில் போகும் செய்தியை நிறுவனமே பார்க்க முடியாது என்பதால் அங்கே யாரும் திரும்ப ஒட்டப் போவதுமில்லை. நேர்மையாக லேபிள் போடுபவரை விதி கட்டுப்படுத்துகிறது. ஏமாற்ற நினைப்பவருக்கு அது சில நொடி வேலை.

இதற்கு ஒரு பக்கவிளைவும் உண்டு. செயற்கை வீடியோக்களில் லேபிள் இருக்கும் என்று மக்கள் பழகிவிட்டால், லேபிள் இல்லாதது உண்மை என்று எண்ணத் தொடங்குவார்கள். எதிர்த்திசையிலும் ஆபத்து இருக்கிறது: உண்மைப் பதிவையே ‘டீப்ஃபேக்’ என்று மறுக்கும் வசதி. 2023 ஏப்ரலில் அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் பேசியதாக இரண்டு ஒலிப்பதிவுகள் வெளியாயின. அவை புனையப்பட்டவை என்று அவர் மறுத்தார். ‘ரெஸ்ட் ஆஃப் வேர்ல்ட்’ இதழ் நிபுணர்களிடம் கொடுத்துச் சோதித்தபோது, முதல் பதிவைப் பற்றி உறுதியான முடிவுக்கு வர முடியவில்லை. இரண்டாவது உண்மையான பதிவு என்றார்கள். ஒலித் தரம் குறைந்த சிறு பதிவில் நிபுணர்களுக்கே இந்த நிலை என்றால், கைபேசியில் கேட்கும் வாக்காளர் தானாகக் கண்டுபிடிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

எது முதலில் வர வேண்டும்

நம் விதிகள் இதுவரை அதிகம் உழைத்திருப்பது லேபிளுக்கும் நீக்கும் நேரத்துக்கும். இரண்டும் பெரும்பாலும் இணைய நிறுவனங்களின்மீது விழும் பொறுப்புகள். செய்தவரின்மீது விழ வேண்டிய பொறுப்பு இன்னும் ஆபாசம், போலி ஆவணம், அவதூறு என்று பழைய பிரிவுகளில் சிதறிக் கிடக்கிறது. அமெரிக்கா 2025 மே மாதம் கொண்டுவந்த சட்டம், சம்மதமற்ற அந்தரங்கப் படத்தைப் பரப்புவதையே குற்றமாக்கி, செயற்கையாக உருவாக்கியதையும் அதில் சேர்த்து, இந்த முடிச்சில் ஒரு பகுதியை அவிழ்த்தது. உடல் யாருடையது என்ற வாதத்துக்கு அங்கே இடமில்லை.

இங்கும் தேவை அத்தகைய ஒரு நேர்ப் பிரிவு: அடையாளம் தெரியும்படி ஒருவரின் முகத்தையோ குரலையோ அவர் ஒப்புதலின்றி, உண்மைபோல் தோன்றும் செயற்கைக் காட்சியில் வைத்துத் தீங்கு செய்வது குற்றம் என்று சொல்லும் பிரிவு. கேலிச்சித்திரம், மிமிக்ரி, அரசியல் நையாண்டி ஆகியவற்றுக்கு அதில் தெளிவான விலக்கு வேண்டும். இல்லாவிட்டால் முதலில் மாட்டுபவர் டீப்ஃபேக் செய்தவராக இருக்க மாட்டார், மீம் போட்டவராக இருப்பார். இறந்தவருக்குக் குறிப்பிட்ட ஆண்டுகள் வரை, அவர் உயிரோடிருக்கும்போதே எழுதி நியமித்தவர் அனுமதி தரலாம் என்று வரையறுத்தால், ரிஷிவந்தியத்தின் முன்னாள் உறுப்பினருக்காக அறிக்கை விட்ட குடும்பத்துக்கும், கட்சி எழுதிய உரையைப் பேசவைக்கப்பட்ட தலைவர்களுக்கும் ஒரே அளவுகோல் கிடைக்கும். லேபிள் அதற்குப் பிறகு வரட்டும். ஒப்புதல் பெற்ற வீடியோவில் அது பார்ப்பவருக்குச் செய்ய வேண்டிய கடமை. ஒப்புதல் பெறாத வீடியோவில் அது மன்னிப்பாகாது.